அம்மைக்குப் பல்வலி, வெறும்வயிற்றில் சுகர் 241. சாப்பாடும் மாத்திரையும் மாறவே இல்லை

மட்டிப்பழம் | 2025 ஜூன் 11, காலை 6.25

மார்த்தாண்டம் பக்கம். அம்மைக்கு 63 வயது, 58 கிலோ. சுகர் வந்து ஒன்பது வருடம். மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமெபிரைடு 1 காலையில் மட்டும். வெறும்வயிற்றில் 112க்கும் 126க்கும் நடுவில்தான் நிற்கும். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் வலிக்கத் தொடங்கியது. ஞாயிறு காலை 171. திங்கள் 198. செவ்வாய் 189. இன்று 241, கூடவே காய்ச்சல் 101. இடது கன்னம் வீங்கிக் கிடக்கிறது.

மாத்திரை அதேதான். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது, மெல்ல முடியவில்லை. மரச்சீனிக்கிழங்கு வீட்டில் அவித்தே பத்து நாள் ஆகிறது. அண்ணன் சொல்வது ஒரே வரி: "அம்மை ஒளிச்சுத் தின்னுது." நான் நம்பவில்லை. குறைவாகச் சாப்பிட்டால் சுகர் குறையத்தானே வேண்டும்? ஏறுகிற இந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

பல்லாவரம் வாசி | ஜூன் 11, காலை 7.02

அம்மை போட்டிருக்கும்போது விரலில் குத்தி ரத்தம் எடுக்காதீர்கள். இளநீர் கொடுங்கள், வேப்பிலை படுக்கையில் போடுங்கள். சுகர் தானாக இறங்கும்.

மட்டிப்பழம் | ஜூன் 11, காலை 7.10

எங்கள் ஊரில் அம்மை என்றால் அம்மா. வேப்பிலை வேண்டாம்.

பல்லாவரம் வாசி | ஜூன் 11, காலை 7.14

ஐயையோ. மன்னிக்கவும். அப்படியானால் இளநீரும் வேண்டாம் போல.

குளச்சல் காற்று | ஜூன் 11, காலை 7.40

இது டென்ஷன் சுகர். வலி வந்தால் டென்ஷன், டென்ஷன் வந்தால் சுகர். எங்கள் மாமாவுக்குப் படகு எஞ்சின் கெட்ட அன்றைக்கு 260 இருந்தது. அதோடு காய்ச்சல் சூட்டில் சுகர் மாத்திரை வயிற்றிலேயே வீணாகிவிடும், வேலை செய்யாது. காய்ச்சல் விட்டால் சரியாகிவிடும். இரவு நன்றாகத் தூங்க வையுங்கள், போதும்.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 11, காலை 8.15

வார்டில் 31 வருடம் நின்றவள் பேசுகிறேன். குளச்சல்காரர் சொன்னதில் பாதி சரி, மாத்திரை வீணாவது மட்டும் தப்பு. 101 டிகிரி காய்ச்சலில் எந்த மாத்திரையும் கெட்டுப்போகாது. மாத்திரை அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு எதிரே நிற்கும் ஆள் பெரிதாகிவிட்டான்.

மக்ளே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அம்மை இரவு எட்டு மணிக்குக் கஞ்சி குடித்தாங்க என்று வையுங்கள். காலை ஆறு மணிக்கு நீங்கள் விரலில் குத்துகிறீர்கள். நடுவில் பத்து மணி நேரம். அந்தக் கஞ்சி நடு இரவுக்கு முன்பே செரித்து முடிந்துவிட்டது. ஆகவே காலையில் மீட்டரில் தெரிவது பெரும்பாலும் சாப்பாட்டுச் சர்க்கரை இல்லை, கல்லீரல் ஊற்றிய சர்க்கரை. இது எல்லோருக்கும் நடப்பதுதான். இரவில் மூளைக்குத் தீனி வேண்டாமா? 60 கிலோ ஆளுக்குக் கல்லீரல் மணிக்கு ஏழு கிராம் போல ரத்தத்தில் விடும். உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதையும் சேர்த்தால், சுகர் 100 இருக்கும்போது அதில் கரைந்திருப்பது ஐந்து கிராம்தான், ஒரு தேக்கரண்டி. அதாவது மொத்த இருப்பைவிட அதிகமாக மணிக்கு மணி உள்ளே வருகிறது, அதே அளவு தசையும் மூளையும் எடுத்துக்கொள்கின்றன. வரவும் செலவும் சமமாக இருப்பதால்தான் எண் நிற்கிறது. வரவு கொஞ்சம் கூடி, செலவு கொஞ்சம் குறைந்தால் போதும், காலைக்குள் எண் எங்கோ போய்விடும்.

சீழ் பிடித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். வலியும் கிருமியும் உடம்புக்கு ஆபத்துச் செய்தி. அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் எல்லாம் கூடிக் கல்லீரலிடம் "இருப்பை வெளியே விடு, இல்லாவிட்டால் புதிதாகச் செய்" என்கின்றன. கிருமியோடு சண்டை போடும் செல்கள் வெளியிடும் பொருட்களோ தசையில் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் ஆக்குகின்றன. பேச்சிப்பாறை அணையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, கீழே வயல்மடை எல்லாவற்றையும் அடைத்தால் கால்வாய் என்ன ஆகும்? அதுதான் 241.

சுகர் இல்லாதவர்களுக்கும் ஷட்டர் தூக்கும். ஆனால் அவர்களுடைய கணையம் கூடுதலாக இன்சுலின் விட்டுச் சமாளித்துவிடும். அம்மைக்கு அந்தக் கூடுதல் கையிருப்பு இல்லை. கிளிமெபிரைடு கணையத்தைத் தட்டி எழுப்பும் மாத்திரைதான், இல்லாததைக் கொண்டுவராது.

இது எல்லாம் அப்புறம். கன்னம் வீங்கி, காய்ச்சலும் இருக்கிறது. இன்னும் ஏன் வீட்டில் வைத்திருக்கிறீர்கள்?

மட்டிப்பழம் | ஜூன் 11, காலை 8.31

வீட்டில் வைத்திருக்கவில்லை சிஸ்டர். திங்கள் சாயங்காலமே பக்கத்து கிளினிக் ஒன்றுக்குப் போனோம். ஊசி போட்டார்கள், வலி மாத்திரை கொடுத்தார்கள். செவ்வாய் மறுபடியும் போனபோது சுகரைப் பார்த்துவிட்டு, "200க்குக் கீழே கொண்டு வாருங்கள், அப்புறம் பல்லைப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கொண்டு வரத்தான் பார்க்கிறோம், ஏறிக்கொண்டே போகிறது.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 11, காலை 8.50

இந்த ஒரு வரியால் கால் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லைப் பிடுங்குவதற்குச் சுகர் இறங்கட்டும் என்று காத்திருக்கலாம், அதில் நியாயம் உண்டு. காயம் ஆற வேண்டும், ரத்தம் நிற்க வேண்டும். ஆனால் சீழை வெளியே விடுவதற்குக் காத்திருக்க முடியாது. சுகரை ஏற்றுவதே அந்தச் சீழ்தான். சீழ் உள்ளே இருக்கும்வரை சுகர் இறங்காது, சுகர் இறங்கும்வரை சீழை எடுக்க மாட்டோம் என்றால் இது எங்கே முடியும்? வேறு பல் டாக்டரிடம் இன்றைக்கே போங்கள். சின்னதாகக் கீறி வடித்துவிட்டு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்குக் கீழே கழுத்து கல் மாதிரி இறுகுகிறது என்றால் கிளினிக்கே வேண்டாம், நேராக ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குளச்சல் காற்று | ஜூன் 11, காலை 9.05

நானும் அதைத்தான் சொன்னேன், டென்ஷன் குறைய வேண்டும் என்று.

மட்டிப்பழம் | ஜூன் 11, இரவு 9.48

வேறு இடம் போனோம். ஈறில் கீறி வடித்தார்கள். நாற்றம் அறை முழுக்க. அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாளுக்கு. பத்து நிமிடத்தில் வலி முக்கால்வாசி போய்விட்டது என்கிறாங்க அம்மை. கிருமி நாளைக்கே செத்துவிடும், சுகரும் நாளைக்கே 120க்கு வந்துவிடும் என்று அண்ணனிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

மட்டிப்பழம் | ஜூன் 12, காலை 6.10

214. பந்தயம் தோற்றேன்.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 12, காலை 7.30

ஒரே இரவில் வராது. அட்ரினலின் நிமிடக் கணக்கில் வந்து போகிற ஆள். கார்டிசாலுக்கு மணிக்கணக்கு. திசுவில் இருக்கும் அழற்சி அடங்க நாட்கணக்கு ஆகும். வீக்கம் வற்றுவதையும் சுகர் இறங்குவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், இரண்டும் கைகோர்த்துக்கொண்டு போகும். மூன்று நாளாகியும் எண் அசையவில்லை என்றால் சீழ் எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அதுதான் எண்ணைப் பார்க்கிற பயன்.

தண்ணீர் கொடுங்கள். 180ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் இறங்கத் தொடங்கும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வற்றினால் சுகர் இன்னும் கூடும். வாய் வலிக்கிறது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பாங்க.

ரப்பர் பால்வெட்டு | ஜூன் 12, பகல் 1.20

படிச்சுட்டு எனக்க கதையும் சொல்லத் தோணுது. அருமனை பக்கம் ரப்பர் வெட்டு. காலை நாலு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். எனக்கு 130 போல இருக்கும் சுகர். போன மழைக்கு முன்னே ஒரு வாரம் 190, 205, 220 என்று ஏறியது. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. சாப்பாடு மாறவில்லை. என் பெண்சாதி என்னைச் சந்தேகப்பட்டதில் உங்கள் அண்ணன் எல்லாம் ஒன்றுமே இல்லை.

டாக்டரிடம் போனேன். அவர் மாத்திரையை மாற்றவில்லை, மீட்டரையும் பார்க்கவில்லை. "செருப்பைக் கழற்று, காலைத் தூக்கு" என்றார். வலது உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, கண்ணாடிச் சில்லு. சுற்றிலும் பழுத்து வெள்ளையாக இருந்தது. எனக்குக் கால் மரத்துப் போய் மூன்று வருடம், அது குத்தியதே தெரியவில்லை. எடுத்து, கழுவி, மருந்து கட்டினார்கள். பத்தாம் நாள் 140.

ஆகவே வலிதான் ஏற்றுகிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு வலியே இல்லை.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 12, மாலை 4.05

இதைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். கால் மரத்தவர்களுக்குக் காரணமில்லாமல் ஏறுகிற சுகர்தான் வலி. அது வாய்விட்டுச் சொல்லாது, நீங்கள்தான் தேட வேண்டும். உள்ளங்கால், விரலிடுக்கு, பல், சிறுநீர் எரிச்சல், பெண்களுக்கு மார்புக்கு அடியில் மடிப்பு. காரணம் புரியாமல் இரண்டு மூன்று நாள் ஏறினால் இந்த வரிசையில் நான் பார்ப்பேன்.

பல்லாவரம் வாசி | ஜூன் 12, இரவு 8.15

எனக்கு ஒன்று புரியவில்லை. சுகர் அதிகமாக இருந்தால்தான் பல் சொத்தையாகும், ஈறு வீங்கும் என்று படித்தேன். இவர் அம்மாவுக்கும் அப்படித்தானே? முதலில் சுகர், அப்புறம் பல். நீங்கள் எல்லாம் தலைகீழாகச் சொல்கிறீர்கள்.

மட்டிப்பழம் | ஜூன் 12, இரவு 8.40

நோட்டில் மே மாதம் முழுக்க 112 முதல் 126 வரைதான். முதலில் பல்.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 12, இரவு 9.00

இரண்டு பக்கமும் ஓடும் வண்டி அது. வருடக்கணக்கில் பார்த்தால் சுகர் ஈறைக் கெடுக்கும். இந்த வாரக் கணக்கில் பல் சுகரை ஏற்றியது. சண்டை வேண்டாம்.

மட்டிப்பழம் | ஜூன் 13, காலை 6.45

இன்று 188. வீக்கம் பாதி.

ஆனால் நான் ஒன்றைத் திருத்த வேண்டும். முதல் பதிவில் மாத்திரை மாறவில்லை என்று அடித்துச் சொன்னேன். நேற்று இரவு பையைக் கொட்டிச் சீட்டுகளைப் பார்த்தேன். திங்கள் சாயங்காலம் முதல் கிளினிக்கில் போட்ட ஊசி இரண்டு. ஒன்று வலிக்கு. இன்னொன்று டெக்ஸாமெத்தாசோன், 8 மில்லிகிராம். "வீக்கம் வற்ற" என்று அவர்கள் சொன்னது அதுதான் போல.

இன்னொன்றும் உண்டு. செவ்வாய் மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 312 காட்டியது. மீட்டர் தப்பு என்று நினைத்து அதைப் பதிவில் போடாமல் விட்டேன். இப்போது நோட்டைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 13, காலை 7.20

சொல்லியது நல்லது. டெக்ஸா என்பது கார்டிசாலின் மூத்த அண்ணன். உடம்பே பயத்தில் கார்டிசாலை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு குடம் ஊற்றியிருக்கிறார்கள். அதன் ஆட்டம் இரண்டு நாள் நிற்கும். அதுவும் எப்படி என்றால் வெறும்வயிற்றைவிடச் சாப்பிட்ட பிறகுதான் எகிறும். அதனால்தான் செவ்வாய் காலை 189, மதியம் 312. மீட்டர் தப்பில்லை. ஊசி போட்டதும் எப்போதும் தப்பென்று சொல்ல மாட்டேன், சில வீக்கத்துக்கு அது வேண்டும். சுகர்க்காரருக்குப் போட்டால் "இரண்டு நாள் ஏறும்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். அதுதான் விட்டுப்போனது.

ஆரல்வாய்மொழி | ஜூன் 13, காலை 10.30

தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் மூட்டுக்குள் ஊசி போட்டேன். ஐந்து நாள் 250க்குக் கீழே வரவில்லை. ஊசி தோளுக்குத்தானே, சுகருக்கு என்ன என்று நினைத்தேன். அதுவும் இந்த ஜாதிதானா?

தக்கலை சிஸ்டர் | ஜூன் 13, காலை 10.52

அதே ஜாதி. மூட்டுக்குள் போட்டாலும் மெதுவாக ரத்தத்துக்குக் கசியும்.

மட்டிப்பழம் | ஜூன் 14, காலை 7.05

163.

இன்னொரு திருத்தம். இதை எழுதவே கை வரவில்லை. அண்ணன் பாதி ஜெயித்துவிட்டான்.

ஞாயிறு இரவிலிருந்து அம்மை தூக்கம் வராமல் சுக்குக்காப்பி போட்டுக் குடித்திருக்கிறாங்க. பத்து மணிக்கு ஒன்று, சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கும் ஒன்று. கருப்பட்டி போட்டு. "கருப்பட்டி மருந்து பிள்ளே, சீனி இல்லை" என்கிறாங்க. டப்பாவைப் பார்த்தேன், முக்கால் காலி.

ஆகவே, சாப்பாடு மாறவில்லை என்றதும் பொய். மருந்து மாறவில்லை என்றதும் பொய். தலைப்பை மாற்ற வழியிருந்தால் மாற்றியிருப்பேன்.

குளச்சல் காற்று | ஜூன் 14, காலை 7.30

கருப்பட்டியில் இரும்புச்சத்து உண்டு. சீனியோடு சேர்க்காதீர்கள்.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 14, காலை 7.44

இரும்பும் உண்டு, சர்க்கரையும் உண்டு. மீட்டருக்கு நிறம் தெரியாது.

மட்டிப்பழம் | ஜூன் 14, இரவு 10.20

மத்தியானம் முழுக்க இதையே யோசித்தேன். கழித்துக் கழித்துப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது?

புதன் 241இல் டெக்ஸாவின் வால் இருக்கிறது, விடியற்காலைக் கருப்பட்டியும் இருக்கிறது. செவ்வாய் 189இலும் இரண்டும். திங்கள் 198இல் கருப்பட்டி. ஆனால் ஞாயிறு காலை 171? ஊசி போட்டது திங்கள் சாயங்காலம். முதல் சுக்குக்காப்பி ஞாயிறு இரவு. சனி இரவு வழக்கமான இரண்டு தோசையும் தேங்காய்த் துவையலும், மாத்திரையும் வழக்கம்போல. அப்புறம் வலி, தூக்கமில்லாத ஓர் இரவு. காலையில் 171.

ஆக, நான் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் சுத்தமான சாட்சி அந்த ஒரே எண்தான். 241 என்று தலைப்புப் போட்டு ஊரைக் கூட்டினேன், உண்மையான கேள்வி 171இல் இருந்தது. 120இலிருந்து 171. ஐம்பது புள்ளி. அதைப் பல் மட்டும்தான் செய்தது.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 15, காலை 6.50

கணக்கு சரி. மேலே ஏறியதிலும் பல்லுக்குப் பங்கு இருக்கிறது, எவ்வளவு என்று பிரிக்க முடியாது அவ்வளவுதான். காய்ச்சல் புதன்தானே வந்தது, அது அதன் பங்குக்கு ஏற்றியிருக்கும்.

மட்டிப்பழம் | ஜூன் 15, காலை 7.00

இன்று 149. ஆன்டிபயாடிக் இன்றோடு முடிகிறது.

ஆரல்வாய்மொழி | ஜூன் 15, பகல் 11.15

எல்லோரும் ஏறும் ஏறும் என்கிறீர்கள். எங்கள் அப்பாவுக்குப் போன வருடம் எலிக்காய்ச்சல் வந்தபோது சுகர் 58க்கு இறங்கி ஆள் மயங்கிவிட்டார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தக்கலை சிஸ்டர் | ஜூன் 15, பகல் 12.30

எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடிக்கும். அப்பா என்ன மாத்திரை? கிளிமெபிரைடு வகை இருந்திருக்கும். சாப்பாடு இல்லை, சிறுநீரகம் மந்தம், மாத்திரை உடம்பை விட்டு வெளியே போகவில்லை. அங்கே ஷட்டர் தூக்கியதைவிட மாத்திரை இழுத்தது அதிகம். அதனால்தான் காய்ச்சல் என்றால் ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு மாத்திரையைக் கூட்டக் கூடாது என்கிறேன். மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆரல்வாய்மொழி | ஜூன் 15, பகல் 12.48

கிளிமெபிரைடுதான். கூடவே டாபாகிளிஃப்ளோசினும்.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 15, பகல் 1.10

அந்த இரண்டாவது மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. சாப்பிட முடியாமல், வாந்தி எடுத்துக்கொண்டு இருக்கும்போது அதைத் தொடர்ந்தால் ரத்தம் அமிலமாகும். அப்போது மீட்டர் 180, 200 என்று சாதுவாகக் காட்டும், ஆள் மட்டும் மூச்சு வாங்குவார். ஆகவே வாந்தி, சாப்பாடு இல்லை என்றால் அதையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் அன்றே கேட்டுவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் மட்டும், சாப்பிடவில்லை என்று தாங்களாக அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. அங்கேதான் பெரிய விபத்து நடக்கிறது. அளவை டாக்டர் சொல்வார்.

மூச்சு வேகம், ஓயாத வாந்தி, மந்தம், இரண்டு முறை பார்த்தும் 300க்கு மேல். இதில் ஒன்று இருந்தாலும் போனில் கேட்காமல் கிளம்புங்கள்.

மட்டிப்பழம் | ஜூன் 16, காலை 6.30

131. நிம்மதி.

மட்டிப்பழம் | ஜூன் 18, பகல் 1.05

நிம்மதி என்று எழுதியது தப்பு.

இன்று 11.30க்கு அம்மை அடுக்களையில் நின்றபடியே "தலை சுற்றுது" என்றாங்க. நெற்றி முழுக்க வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். பார்த்தால் 61. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து 94. அப்புறம் இரண்டு இட்லி.

காரணம் என் நோட்டிலேயே இருக்கிறது. செவ்வாய், முதல் கிளினிக்கில் "200க்குக் கீழே கொண்டு வாருங்கள்" என்று சொன்னபோது கிளிமெபிரைடை 1இலிருந்து 2 ஆக்கினார்கள். அதையும் இங்கே சொல்லவில்லை. அன்று முதல் 2தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பல் ஆறியது, சுகர் இறங்கியது, மாத்திரை மட்டும் சண்டைக்காலத்து அளவிலேயே நின்றது.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 18, பகல் 1.22

எனக்கும் உறைக்கவில்லை பாருங்கள். 131 என்று போட்டபோதே "மாத்திரை எவ்வளவு?" என்று கேட்டிருக்க வேண்டும். வழக்கமான டாக்டரிடம் இன்றே பேசி 1க்குத் திரும்புங்கள். நோயில் கூட்டிய அளவுக்கு ஒரு கடைசித் தேதி கேட்டு வாங்க வேண்டும். யாரும் தானாகச் சொல்வதில்லை. இன்று இரவும் ஒருமுறை பாருங்கள், அந்த மாத்திரை சுகரை மறுபடியும் இறக்கிவிடக்கூடும்.

மட்டிப்பழம் | ஜூன் 18, இரவு 9.15

பேசியாயிற்று, 1தான். இரவு 128. அண்ணன் சாயங்காலம் வந்து எதுவும் சொல்லாமல் அம்மைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

குளச்சல் காற்று | ஜூன் 21, இரவு 10.40

வலி சுகரை ஏற்றாது, சீழ்தான் ஏற்றும் என்று முடிவாகிவிட்டதா? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாமாவின் எஞ்சினில் சீழ் இல்லை.

ரப்பர் பால்வெட்டு | ஜூன் 22, காலை 9.30

எனக்க காலில் வலி இல்லை, சுகர் ஏறியது. அதனால் சீழ் போதும்.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 22, பகல் 2.00

சீழ் போதும் என்பதால் வலி போதாது என்று ஆகாது. 2001இல் ஒரு சோதனை வெளிவந்தது. சுகர் இல்லாத நல்ல ஆட்களுக்கு வயிற்றுத் தோலில் மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் வலிக்க வைத்தார்கள். கிருமி இல்லை, காயம் இல்லை. அந்த நேரத்தில் உடம்பு இன்சுலினுக்குக் கேட்கும் அளவு ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்தது. வலிக்கும் தனிக் கை உண்டு. ஆனால் அது அரை மணி நேர வலி, பத்துப் பேர். ஒரு வாரப் பல்வலிக்கு அதை அப்படியே பெருக்கிச் சொல்ல நான் தயாரில்லை. மாமாவுக்கு எஞ்சின் கெட்ட நாளில் என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள்.

குளச்சல் காற்று | ஜூன் 22, பகல் 2.25

கேட்டேன். பரோட்டா.

மட்டிப்பழம் | ஜூன் 29, காலை 6.50

வெள்ளிக்கிழமை அந்தப் பல்லைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கும் அன்று காலை 122. வீக்கம் இல்லை, சீழ் இல்லை. டெக்ஸா வேண்டாம் என்று நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். கருப்பட்டி டப்பா அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. மரத்தது விட்டதும் இரவு நல்ல வலி, பாராசிட்டமால் போட்டும் தூங்கவில்லை.

சனி காலை 144. இன்று 133.

சீழ் இல்லாமல் வலி மட்டும் இருபது புள்ளி ஏற்றியிருக்கிறது. நான் குளச்சல் கட்சிக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன்.

தக்கலை சிஸ்டர் | ஜூன் 29, காலை 7.35

பிடுங்கிய இடம் காயம் இல்லையா? திசு கிழிந்தால் கிருமி இல்லாமலே அழற்சி வரும். தூக்கம் கெட்டதற்கும் ஒரு பங்கு உண்டு. அதுவும் போக மீட்டர் பத்துப் பதினைந்து புள்ளி அங்கே இங்கே காட்டும். 144ஐ வைத்துக் கட்சி மாறாதீர்கள்.

குளச்சல் காற்று | ஜூன் 29, காலை 8.10

வரவேற்கிறோம்.

மட்டிப்பழம் | ஜூலை 1, காலை 6.20

121. மாத்திரை 1தான். அலமாரிச் சாவி அம்மை கையில் இருக்கிறது என்று இப்போதுதான் கவனித்தேன்.